உள்ளே உட்காரப் போவது யார்?

“அது என் அப்பா பெயர்.”

நேர்முகத் தேர்வு தொடங்கி பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே இருந்த மலாய் அம்மையார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. மேசை மேல் இருந்த பெயர்ப் பலகையில் கடைசியாக இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு, ‘புவான்’ சேர்த்து மூன்று முறை அவரை அழைத்திருக்கிறேன். அவர் பெயர் ‘பிந்தி’க்கு முன்னால் இருந்தது. நான் அழைத்தது அவருடைய தகப்பனாரை. வானொலியில் பெயர்களை உச்சரித்தே சம்பளம் வாங்குகிறவள் நான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அது ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் தொடர்புத் துறை வேலை. ஊடகப் படிப்பு, வானொலி அனுபவம் என்று நிகழ்ச்சிக் கதைகளாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். உள்ளே நான்கு பேர். அவர்களில் ஒருவர் தொழிற்சாலை இயக்கப் பொறியாளர். “இரவு இரண்டு மணிக்கு ஆலையில் விபத்து. தொழிலாளியின் மனைவி போன் செய்கிறார். முதல் அரை மணி நேரத்தில் என்ன சொல்வீர்கள், என்ன சொல்ல மாட்டீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒருநாள் முன்னால் யோசித்திருந்தால்கூட உருப்படியாகப் பதில் சொல்லியிருப்பேன். அன்று எதையோ உளறிவிட்டு வந்தேன். சுங்கை பூலோவுக்குத் திரும்பும் கொம்யூட்டர் ரயிலில் முழு வழியும் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அழைப்புக் கடிதத்தில் தேதி, நேரம், மாடி எண், கார் நிறுத்துமிடம் எல்லாம் இருந்தன. யார் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பது மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. “யார் இருந்தா என்னம்மா, வணக்கம் சொல்லிட்டு உட்காரு” என்று அனுப்பி வைக்கிற வீடு எங்களுடையது. பெரியவர்களைப் பற்றி முன்கூட்டி விசாரிப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற எண்ணம் எங்கேயோ ஊறிக் கிடந்தது.

அடுத்த வாய்ப்பு ஏழெட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் நிலைமை மாறியிருந்தது. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிப்பார்களா என்பது தெரியவில்லை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மகளுக்கு அப்போது இரண்டு வயது. வேறொரு வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் இடம் காலி என்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்திலிருந்து ஒரு தங்கை அழைத்தார். தேதி உறுதியானதும், அதே நாளில், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஐந்து வரி எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி:

“வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதை உறுதி செய்கிறேன். நன்றாகத் தயாராகி வர விரும்புகிறேன். தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் பெயரும் பதவியும் தெரிவிக்க முடியுமா? பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் பதவி மட்டும் போதும். இந்த வேலையில் எனக்கு நேரடி மேலதிகாரியாக இருக்கப் போகிறவர் குழுவில் இருப்பாரா?”

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் வருகையை உறுதி செய்துவிட்டுத்தான் கேட்டேன். பெயர் சொன்னால்தான் வருவேன் என்ற தொனி துளியும் இருக்கக்கூடாது. இரண்டாவது, ‘பதவி மட்டும் போதும்’ என்ற வரி. பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட பதவியைச் சொல்லிவிடுவார்கள். உண்மையில், கேள்விகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதைக் காட்டுவது பதவிதான்.

மறுநாள் அந்தத் தங்கையே அழைத்தார். “அக்கா, நீங்க கேட்டதும் அங்க போன் பண்ணினேன். யாரு உட்காரப் போறாங்கன்னு அவங்களே இன்னும் முடிவு பண்ணல. நீங்க கேட்டதாலதான் இப்ப முடிவு பண்றாங்க” என்றார். ‘குழு இன்னும் உறுதியாகவில்லை’ என்ற பதில் வந்தால் அது நம்மைத் தட்டிக் கழிப்பதற்காக என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உண்மை. ஆள்சேர்ப்பு நிறுவனம் நடுவில் இருக்கும்போது கேட்பது இன்னும் சுலபம். நமக்கு வேலை கிடைத்தால்தான் அவர்களுக்கு அந்த முதலாளியிடமிருந்து கட்டணம் வரும். நாம் நன்றாகச் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கும் வேண்டியதுதான். நிறுவனத்தின் சொந்த மனிதவளப் பிரிவாக இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒரு முறை கேட்கலாம், முதல் நாள் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்டால் நச்சரிப்பு.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் விவரம் வந்தது. நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர், விளம்பர விற்பனை மேலாளர், மனிதவள அதிகாரி. நேரடி மேலதிகாரி நிகழ்ச்சித் தலைவர்தான் என்றும் எழுதியிருந்தார்கள்.

விற்பனை மேலாளரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறிவிப்பாளர் தேர்வில் அவருக்கு என்ன வேலை? யோசித்தால் பதில் எளிது. தனியார் வானொலியில் அறிவிப்பாளர்தான் விளம்பரதாரர் பெயரை நேரலையில் சொல்கிறார், கடைத் திறப்புக்கும் தீபாவளிச் சந்தைக்கும் போய் மேடை ஏறுகிறார். அதனால் அவருக்காக ஓர் உதாரணம் தயார் செய்தேன்: ஒரு துணிக்கடையின் தீபாவளிச் செய்தியை, நேயரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, விளம்பரம் என்பதை மறைக்காமல், முப்பது வினாடியில் எப்படிச் சொல்வேன் என்று கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். நிகழ்ச்சித் தலைவருக்காக அவர்களுடைய காலை நிகழ்ச்சியை இரண்டு நாள் கேட்டு, எங்கே பேச்சு இழுக்கிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். மனிதவளத்துக்கு எந்தத் தேதியிலிருந்து சேர முடியும், எவ்வளவு சம்பளம், விடியற்காலை வேலைக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றுக்கும் வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தேன். கடைசிக் கேள்வியைக் கேட்பது சரியா என்பது வேறு விஷயம். கேட்கிறார்கள்.

பெயர்களை வைத்து நான் செய்தது குறைவு. லிங்க்ட்இன்னில் ஒரு முறை பார்த்தேன். அங்கே யார் நம் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று எதிராளிக்குத் தெரியும். தெரியக்கூடாது என்றால் அமைப்பை மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தது தெரிந்தால் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தேர்வுக்கு முன் நட்பு அழைப்பு அனுப்புவது, முகநூலில் போய் குடும்பப் படங்களுக்கு விருப்பம் போடுவது, “நம்ம மாமாவுக்குத் தெரிஞ்சவர்” என்று ஆள் விடுவது எல்லாம் காரியத்தைக் கெடுத்துவிடும். நம் ஆட்களில் சிலருக்குப் பெயர் கிடைத்ததும் முதலில் தோன்றுவது இந்த மூன்றாவது வழிதான். அதனால்தான் பல நிறுவனங்கள் பெயர் சொல்லவே பயப்படுகின்றன.

பெயர் எனக்குத் தேவைப்பட்டது அழைப்பதற்கு. நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தி’க்கு முன்னால் இருப்பதுதான் அவர் பெயர், ‘என்சேக்’, ‘புவான்’ அதோடுதான் சேரும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். முன்னால் ஆங்கிலப் பெயர் ஒட்டியிருந்தால் அது இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ பட்டம் உள்ளவரை வெறும் ‘என்சேக்’ என்று அழைத்தால் அறையில் ஒரு கணம் அமைதி விழும். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கவும் முடியாது. அந்தத் தங்கையிடம், “அவங்கள எப்படிக் கூப்பிடறது வழக்கம்?” என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. உள்ளே போனால் விற்பனை மேலாளரைக் காணோம். அவசர வேலையாம். அவருடைய நாற்காலியில் சமூக ஊடகப் பிரிவின் பொறுப்பாளர். முன்பாக இருந்தால் பதறியிருப்பேன். கிடைத்த பட்டியலை வேத வாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அறிமுகம் நடக்கும்போதே குறிப்புத் தாளின் மேல் மூன்று பேரையும் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டேன். பல விருந்தினர்களோடு நேரலை செய்யும்போது நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். புதியவரின் பெயர் சரியாகக் காதில் விழவில்லை, “மன்னிக்கணும், இன்னொரு முறை சொல்ல முடியுமா?” என்று கேட்டு வாங்கினேன். துணிக்கடை உதாரணம் அவரிடமும் உதவியது. அதையே ஒரு நிமிடக் காணொளியாக எப்படிச் செய்வீர்கள் என்றுதான் அவர் கேட்டார்.

ஓர் எச்சரிக்கை. அரசாங்க வேலைக்கு இந்த வழி ஆகாது. அங்கே தேர்வுக் குழுவை யாரும் அணுக முடியாமல் வைத்திருப்பதே முறை. நம் நாட்டில் ஆணையத்தின் மீது செல்வாக்கு செலுத்த முயல்வதை 1957ஆம் ஆண்டு சேவை ஆணையங்கள் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. இந்தியாவில் ஐ.ஏ.எஸ். நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் எந்தக் குழுவின் முன் உட்காரப் போகிறோம் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் அழைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. விடியற்காலை வேலை, நான் கிளம்பும் நேரத்தில் சுங்கை பூலோவில் ரயிலே ஓடாது.

சென்ற மாதம் ஓர் உதவித் தயாரிப்பாளர் தேர்வுக்கு என்னையும் குழுவில் போட்டார்கள். முதல் நாள் மனிதவளப் பிரிவிலிருந்து புலனத்தில் செய்தி. வரப்போகிறவர்களில் ஒரு பெண் உங்கள் பெயரும் பதவியும் கேட்கிறார், கொடுக்கலாமா என்று. கொடுங்கள் என்றேன். எட்டுப் பேர் வந்தார்கள். கேட்டவர் அவர் ஒருவர்தான். என் பெயரைச் சரியாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அங்கத்தில் நேயர் அழைப்பு வரும் முன்பே நான் பாட்டுக்குப் போய்விடுகிறேன், ஏன் என்று கேட்டார். எனக்குப் பதில் தயாராக இல்லை. முடிவு இன்னும் அறிவிக்கப்படாததால் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியாது.