நூறு இரவுகள்

எங்கள் வீட்டு இலவம் பஞ்சு மெத்தைக்கு முப்பது வயது ஆகியிருந்தது. முன்பெல்லாம் பஞ்சு கொட்டுகிறவர் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வருவார். பிரித்துக் கொட்டித் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது அவரும் வருவதில்லை, பஞ்சும் கட்டி கட்டியாகிவிட்டது. மனைவிக்கு இடுப்பு வலி. "புது மெத்தை வாங்கலாம்" என்று ஆரம்பித்தது நான். "கடையில போய்ப் படுத்துப் பாத்து வாங்குங்க" என்றது அவள். நான் கேட்கவில்லை. கைபேசியில் ஒரு கம்பெனி விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. நூறு இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள், முழுப் பணமும் வாபஸ். கடையில் ஐந்து நிமிடம் படுப்பதைவிட வீட்டில் நூறு இரவு படுப்பது மேல் இல்லையா என்று அவளிடம் கேட்டேன். கணக்குப்படி நான் சொன்னது சரிதான்.

2023 மார்ச் 4 அன்று மெத்தை வந்தது. எட்டு அங்குல மெமரி ஃபோம், விலை 18,499 ரூபாய். காற்றை உறிஞ்சிப் பாய் போலச் சுருட்டி ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். பிரித்ததும் உஸ்ஸென்று மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தது. பேரன் கைதட்டினான். பெட்டிக்குள் விதிகள் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. எழுத்தராக இருந்தவன் கைக்கு வந்த தாளைக் கீழே போடமாட்டான். ரசீதுடன் சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் கத்திரி வெயிலுக்கு முன்னாலேயே புதுச்சேரி கொதிக்கத் தொடங்கியது. எங்கள் படுக்கையறையில் ஏசி கிடையாது. இந்த ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு, குளிரில் இறுகும், சூட்டில் இளகும். விளம்பரத்தில் அது உடலின் வடிவத்துக்கு இணங்குகிறது என்றுதான் சொல்வார்கள். மே மாதத்துப் புழுக்கத்தில் அது இணங்கவில்லை, என்னை விழுங்கியது. நான் கனத்த ஆள். என் பக்கம் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் படுப்பவள் சரிந்து சரிந்து அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிடுவாள்.

எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மே 20ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் கட்டிலில் இல்லை. கூடத்தில் கோரைப்பாய் விரித்துப் படுத்திருந்தாள். எத்தனை நாளாக இது என்று கேட்டேன். "மூணு வாரமா. நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள வந்து படுத்துடுவேன். ஆசையா வாங்கினீங்களேன்னு சொல்லல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

மே 22ஆம் தேதி கம்பெனிக்கு மெத்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். அதில்தான் என் தவறு நடந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் "மெத்தையில் பள்ளம் விழுந்துள்ளது, குறைபாடு" என்று எழுதிவிட்டேன். கட்டம் இருந்தால் நிரப்பவேண்டும் என்பது நாற்பது வருடப் பழக்கம்.

நான்கு நாளில் ஒரு பையன் அளவு நாடாவுடன் வந்தான். அளந்தான், படம் எடுத்தான், "இருபது மில்லிமீட்டர் சார்" என்றான். மே 30ஆம் தேதி பதில் வந்தது: பள்ளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பதால் இது குறைபாடு அல்ல, கட்டிலின் பலகை சமமாக இல்லாததாலும் இருக்கலாம், ஆகவே திருப்பி எடுக்க இயலாது. தொலைபேசியில் கேட்டதற்கு, வந்த பெட்டியும் இல்லையே சார் என்று கூடுதலாக ஒன்றைச் சொன்னார்கள்.

அன்று இரவு கோப்பைப் பிரித்து அந்தத் தாளை வரி வரியாகப் படித்தேன். அதில் இரண்டு தனித்தனித் தலைப்புகள். ஒன்று சோதனைக் காலம். மற்றொன்று பத்து வருட உத்தரவாதம். 25 மில்லிமீட்டர் என்கிற கணக்கு உத்தரவாதத்தின் கீழே மட்டும்தான் இருந்தது. சோதனைக் காலத்தின் கீழே நான்கே நிபந்தனைகள். குறைந்தது முப்பது இரவு பயன்படுத்தியிருக்கவேண்டும். நூறு இரவுக்குள் தெரிவிக்கவேண்டும். கறை, கிழிசல் இருக்கக்கூடாது. உறையும் அதில் தைத்த சீட்டும் அப்படியே இருக்கவேண்டும். அடுத்த வரி: காரணம் எதுவும் கூறத் தேவையில்லை. பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது, அந்த மெத்தையை மறுபடி அந்தப் பெட்டிக்குள் அடைக்க எந்த வீட்டில் இயந்திரம் இருக்கிறது?

ஆக, சோதனைக் காலம் என்கிற வாசல் வழியாகப் போகவேண்டியவன், குறைபாடு என்ற சொல்லைச் சொல்லி நானே உத்தரவாத வாசலில் போய் நின்றிருக்கிறேன். அங்கே அளவுகோல் வைத்திருந்தார்கள். நான் அளவில் தேறவில்லை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சோதித்துப் பார்க்கும் நிபந்தனையுடன் நடக்கும் விற்பனைக்குப் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் தனியாகவே ஒரு விதி இருக்கிறது, 1588. வாங்கியவர் சோதித்துத் திருப்தி அடையும்வரை விற்பனை நிபந்தனைக்கு உட்பட்டே நிற்கிறது என்பது அதன் சாரம். 1587இல் ஒயினும் எண்ணெயும் வருகின்றன, ருசி பார்த்து ஒப்புக்கொள்ளாதவரை விற்பனையே இல்லை. மெத்தைக்கு ருசி இல்லை என்றாலும் நியாயம் ஒன்றுதான். இங்கே அந்தச் சட்டம் செல்லாது, கடிதத்தில் நான் அதை எழுதவும் இல்லை. ஆனால் மனசுக்குள் விஷயம் தெளிவானது. கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த எங்கள் முசேவும் நினைவுக்கு வந்தார். கோபத்தை எழுதாதே, தேதியை எழுது என்பார். அவர் சொல்லிக்கொடுத்த அமைப்பும், பிறகு அலுவலகத்தில் பழகிய பொருள், பார்வை என்கிற அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எழுதும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கட்டில் பலகை மீது பழி போட்டிருந்தார்களே. மகனை விட்டு மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டேன். பள்ளம் கட்டிலால் வந்ததென்றால் என் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அது மெத்தையோடு சேர்ந்து அவள் பக்கம் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க யாரும் படுக்காமல் விட்டோம், இந்த ஃபோம் மெதுவாக மேலே வரும் என்பதால். இருவரும் கூடத்தில் பாயில் படுத்தோம். மறுநாள் பக்கத்து வீட்டில் வேலை செய்த கொத்தனாரிடம் அலுமினிய மட்டப்பலகையை வாங்கி, விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையின் குறுக்கே வைத்தேன். பலகைக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவே ஸ்கேலை அழுத்தாமல் நிறுத்திப் பார்த்தேன். 22 மில்லிமீட்டர். பையன் 20 என்றான், நான் 22 என்கிறேன். இரண்டும் 25க்குக் கீழே, அதை ஒளிக்க முடியாது. பலகையும் ஸ்கேலும் தெரிய மகன் படம் எடுத்தான்.

ஜூன் 2, அதாவது 91ஆவது இரவு, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம் போனது. இணையத்தில் விற்பவர்கள் அப்படி ஒருவரை நியமித்திருக்கவேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020ஆம் வருட மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"பொருள்: சோதனைக் காலத்தில் மெத்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கோருதல்.
பார்வை: 1. ரசீது. 2. பெட்டியுடன் வந்த விதிகள். 3. எனது 22.5.2023 வேண்டுகோள். 4. தங்களது 30.5.2023 மறுப்பு.

மெத்தை 4.3.2023 அன்று பெறப்பட்டது. நூறாவது இரவு 11.6.2023. எனது வேண்டுகோள் 80ஆவது இரவில் தரப்பட்டது. பார்வை 2இல் 'சோதனைக் காலம்' என்ற தலைப்பில் உள்ள நான்கு நிபந்தனைகளும் நிறைவேறியுள்ளன. கறையோ கிழிசலோ இல்லை, உறையும் சீட்டும் உள்ளன, படங்கள் இணைப்பில். அதே தலைப்பில் 'காரணம் எதுவும் கூறத் தேவையில்லை' என்று உள்ளது. ஆகவே காரணம் கூறவில்லை. வந்த பெட்டி வேண்டும் என்று அந்த விதிகளில் இல்லை.

தங்கள் மறுப்பு 25 மில்லிமீட்டர் அளவைச் சார்ந்துள்ளது. அது உத்தரவாதத்தின் நிபந்தனை. நான் உத்தரவாதத்தின் கீழ் கோரவில்லை.

இது தவிர, மெத்தையில் 22 மில்லிமீட்டர் பள்ளம் உள்ளது. மெத்தையைத் திருப்பிப் போட்டபோது பள்ளமும் இடம் மாறியது. எனவே கட்டில் காரணமல்ல. மேற்கண்ட கோரிக்கை இதைச் சார்ந்ததல்ல. பதிவுக்காகத் தெரிவிக்கிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாளில் மெத்தையை எடுத்துக்கொண்டு 18,499 ரூபாயைத் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்."

மின்னஞ்சலிலும் அனுப்பினேன், ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். கடைசி வரி வெறும் மிரட்டல் இல்லை. 2019ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. ஐந்து லட்சத்துக்குள் கட்டணமும் இல்லை.

முதல் நகலில் மனைவியின் இடுப்பு வலியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளிடம் படித்துக் காட்டினேன். "என் இடுப்பு வலி அவனுக்கு எதுக்குங்க? காரணமே வேணாம்னுதானே போட்டிருக்கு" என்றாள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். எடுத்திருக்காவிட்டால் டாக்டர் சீட்டு கேட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒப்புகை அட்டை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அடுத்த நாள் ஒரு பெண் பேசினார், மரியாதையான குரல். கொஞ்சம் கடினமான வேறு மெத்தை தரலாமா சார், கூப்பன் தரலாமா சார் என்று கேட்டார். கடிதத்தில் கேட்டதைக் கொடுங்கள் அம்மா என்றேன். ஜூன் 19 அன்று இரண்டு பேர் வந்து கயிறு போட்டுக் கட்டி மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எடுத்துப் போனதற்குக் கையெழுத்துப் போட்ட சீட்டு கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

ஜூன் 27 அன்று வங்கியில் 16,999 ரூபாய் வந்தது. எடுத்துச் செல்லும் செலவு என்று 1,500 பிடித்திருந்தார்கள். தாளில் இலவசமாக எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. அதையும் குறிப்பிட்டு மூன்றே வரியில் இரண்டாவது கடிதம். ஜூலை முதல் வாரத்தில் மிச்சமும் வந்துவிட்டது.

ஆகஸ்டில் ஊருக்குள்ளேயே ஒரு மெத்தைக் கடைக்குப் போனோம். இலவம் பஞ்சு அடைத்துத் தைத்துத் தருகிறவர். சோதனைக் காலம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கடையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாதிரிக்குப் போட்டிருந்த மெத்தையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.