பந்தியில் சொன்ன சொல்

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமண விருந்தில், இறையியல் கல்லூரி நாள்முதல் என்னோடிருக்கும் நண்பர் பந்தியில் ஒரு கேலி சொன்னார்: “இவர் ஜெபம் ஊருக்கெல்லாம் பலிக்கும், மகனுடைய தேர்வுக்கு மட்டும் பலிக்காது.” அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பரிமாறிக்கொண்டிருந்த என் மகன் சிரிக்கவில்லை.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தி ஒன்றை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். எழுத்தில் கோபம் தெரியும்; குரலின் தணிவு தெரியாது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் முதற்படி தனிமையில் சந்திப்பது. சாட்சிகள் அதற்குப் பிறகே. ஆகவே மனைவியைத் தவிர எவரிடமும் சொல்லாமல், மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன்.

“நீ எப்போதும் இப்படித்தான்” என்று தொடங்கியிருந்தால் வழக்காடியிருப்போம். அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் நினைவூட்டினேன்.

“விளையாட்டாகத்தானே சொன்னேன்? நீயும் சிரித்தாயே!”

“சிரித்தது என் பிழை. ஆனால் அவன் அன்றிரவு சாப்பிடவில்லை. அவனுடைய தேர்வைப் பற்றி இனிப் பிறர்முன் பேசாதே.”

நெடுநேரம் மௌனமாயிருந்தார். “அவன் அங்கே நின்றதைக் கவனிக்கவில்லை” என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது.

மறுநாள் மகனைத் தேடி வந்தார். அவர்கள் பேசிய அறைக்குள் நான் போகவில்லை. பந்தியில் சிரித்தவர்களுக்கோ இன்றும் அந்தக் கேலி மட்டுமே தெரியும். அவர்களிடமும் சொல்லும்படி நண்பரைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.