910 கிராம்

திங்கள், இரவு

கடலை எண்ணெய் வீடியோ போட்டு இன்றோடு நான்கு நாள். பருப்பை வெயிலில் காய வைப்பதில் தொடங்கி, வாகை மரச்செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைப்பது வரை இரண்டரை நிமிடம். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னச் செக்குக்கு இதுவரை இவ்வளவு பேர் வந்ததில்லை. கமெண்ட் 140-ஐத் தாண்டிவிட்டது. பாதி நல்ல வார்த்தை. அவற்றுக்கெல்லாம் மேலே, 200-க்கு மேற்பட்ட லைக்கோடு, ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது:

"ஒரு லிட்டர்னு காசு வாங்கிட்டு 910 கிராம்தான் குடுக்கறாங்க. வீட்ல எடை போட்டுப் பார்த்துட்டேன். மக்களே உஷார்."

தம்பி கொதித்துப் போனான். "அழிச்சு விடுக்கா, பொய் சொல்றான்" என்றான். பொய் இல்லை. அவர் எடை போட்டது உண்மை, தராசு காட்டியது உண்மை. லிட்டர் என்பது கொள்ளளவு, கிராம் என்பது எடை. கடலை எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும். அவர் கண்டுபிடித்த எண்ணே எங்கள் அளவு சரி என்பதற்குச் சாட்சி. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அழித்தால் அந்த வரியோடு அதன் கீழே பேசிய 31 பேரின் பதில்களும் சேர்ந்து போகும். அந்த 31 பேரும் நாளைக்கு வேறு இடத்தில் பேசுவார்கள், அப்போது "அழிச்சுட்டாங்க" என்பதையும் சேர்த்துப் பேசுவார்கள்.

பதிலை எழுதி போனில் நோட்ஸில் வைத்துவிட்டேன். காலையில்தான் போடுவேன். இரவில் எழுதிய எதையும் இரவில் போடுவதில்லை என்பது போன வருடம் தேங்காய் எண்ணெய் வீடியோவில் பட்டுத் தெரிந்துகொண்டது.

செவ்வாய், காலை

நேற்று எழுதியதில் பாதியை வெட்டினேன். "தெரியாமல் பேசுகிறீர்கள்" என்று ஒரு வரி இருந்தது. அதைத்தான் முதலில் எடுத்தேன். போட்டது இது:

"எடை போட்டுப் பார்த்ததற்கு நன்றிங்க. நீங்கள் சொன்ன 910 கிராம் சரியான எடைதான். கடலை எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஒரு லிட்டர் அளந்தால் சுமார் 910 கிராம்தான் நிற்கும். லேபிளில் '1 லிட்டர் / 910 கிராம்' என்று இரண்டும் அச்சிட்டிருக்கிறோம்."

அவருடைய கமெண்டுக்குக் கீழேதான் பதில் போட்டேன். பதில் வந்தால் அவருக்கு அறிவிப்பு போகும், முதலில் அவர் படிக்க வேண்டும். ஆனால் பதில்கள் மடிப்புக்குள் கிடப்பவை. கேள்வியைப் படிக்கிறவர்களில் பலர் மடிப்பைத் திறப்பதில்லை. அதனால் அதே விளக்கத்தை எங்கள் பெயரில் தனிக் கமெண்டாக எழுதி மேலே பின் செய்தேன். யூடியூபில் ஒரு வீடியோவுக்கு ஒரு பின்தான். இன்ஸ்டாகிராமில் மூன்று வரை வைக்கலாம், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. இங்கே புதிதாக ஒன்றைப் பின் செய்தால் பழையது இறங்கிவிடும். அந்த ஒரே இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

புதன்

பாமாயில் கலக்கிறோமாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைகிறதாம், அதனால் கலப்படமாம்.

அப்பா இதைக் கேட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. தம்பி உடனே வீடியோ எடுக்கலாம் என்றான்: "பாமாயில் கலக்கிறோமா?" என்று பெரிதாகத் தலைப்பு வைத்து, அப்பா கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். நான் வேண்டாம் என்றேன். இதைச் சொன்னவர் ஒருவர். லைக் மூன்று. வீடியோ போட்டால் இதுவரை அந்தச் சந்தேகமே வராத ஆயிரக்கணக்கானவர்களின் காதில் நாங்களே "பாமாயில்" என்ற சொல்லைப் போடுகிறோம். மறுப்பு பாதி பேருக்கு மறந்துபோகும், சொல் தங்கிவிடும்.

ஒரே ஒரு பதில் எழுதினேன். கடலை எண்ணெயும் ஃப்ரிட்ஜ் குளிரில் கலங்கித் தடிக்கும், வெளியே வைத்தால் தெளியும். அதை வைத்துக் கலப்படத்தைச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் உரிம எண் லேபிளில் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். அவர் திரும்ப வந்து திட்டினார். நான் திரும்பப் போகவில்லை. முதல் பதில் அவருக்கும் படிக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதியது. இரண்டாவதை எழுதினால் அது அவருக்கு மட்டும்தான்.

அவர் அம்மாவை இழுத்துப் பேசிய இன்னொருவரை மட்டும் சேனலில் மறைத்துவிட்டேன். அவர் எழுதுவது இனி மற்றவர்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்கிறவரையும் வசை பாடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

வியாழன்

இன்று வந்ததுதான் நெஞ்சில் குத்தியது. லைக் ஒன்றுகூட இல்லாத, அமைதியான கமெண்ட்:

"போன மாசம் வாங்கினேங்க. திறந்து பத்து நாள்ல காறல் வாடை வருது. குழந்தைகளுக்குச் சமைக்கப் பயமா இருக்கு."

திட்டு இல்லை, உஷார் இல்லை. இப்படி எழுதுகிறவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். வாங்கிய நாள், எத்தனை நாளில் கெட்டது, என்ன வாடை என்று மூன்று விவரம் இருக்கிறது; கதை கட்டுகிறவர்கள் இவ்வளவு விவரம் தருவதில்லை. உடனே பதில் போட்டேன்: "மன்னிச்சுக்குங்க. பாட்டிலின் கழுத்துப் பக்கம் இருக்கும் பேட்ச் எண்ணை மட்டும் இங்கே எழுதுங்கள். உங்கள் போன் நம்பர் இங்கே வேண்டாம். லேபிளில் உள்ள எங்கள் எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம்." பொது இடத்தில் போன் நம்பரை எழுத வைத்தால் யார் யாரோ அழைப்பார்கள்.

ஒரு மணி நேரத்தில் எண் வந்தது. அப்பாவின் நோட்டைப் புரட்டினோம். மழை விடாமல் பெய்த வாரத்தில் ஆட்டியது. வழக்கமாக எண்ணெயை வெயிலில் துணி கட்டி நான்கைந்து நாள் தெளிய விட்டுத்தான் மேல் எண்ணெயை எடுப்போம். அந்த வாரம் வெயில் இல்லை, ஆர்டர் நெருக்கியது, இரண்டாம் நாளே அடைத்திருக்கிறோம். அடியில் தங்க வேண்டிய மண்டியும் ஈரமும் பாட்டிலுக்குள் போய்விட்டன. அவை கிடந்தால் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். 64 பாட்டில்.

"தப்பு நம்மளுதுதான் கண்ணு. சொல்லிப் போடோணும்" என்றார் அப்பா.

தம்பிக்குத் தயக்கம். விளம்பர வீடியோவின் தலையிலேயே நம் குற்றத்தை எழுதி ஒட்டுவதா? அந்த அம்மாவுக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்கலாமே என்றான். ஆனால் 63 வீட்டில் அதே எண்ணெய் இருக்கிறது. அவர்களில் பலர் இந்த வீடியோவைப் பார்த்தவர்கள். அவர்களுக்குச் சேதி போய்ச் சேர எங்கள் கையில் இருக்கும் உயரமான இடம் அந்தப் பின்தான். எடை விளக்கம் எங்கள் பெயரைக் காப்பாற்றுகிறது. இது அவர்கள் வயிற்றைக் காப்பாற்றுவது. எது மேலே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எடை விளக்கத்தை இறக்கிவிட்டு இதைப் பின் செய்தேன்: பேட்ச் எண், ஆட்டிய வாரம், என்ன தவறு செய்தோம், எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம், பாட்டில் காலியாக இருந்தாலும் வேறு பாட்டிலோ முழுப் பணமோ தருவோம். "சில பாட்டில்களில் சிறு குறை" என்று தம்பி எழுதியிருந்ததை "64 பாட்டில்" என்று மாற்றினேன்.

சனி

எடை விளக்கம் கீழே போனதும் 910 கிராம் திரும்பக் கிளம்பிவிட்டது. இரண்டு நாளில் பதினொரு பேர், வேறு வேறு சொற்களில், அதே கேள்வி. இப்போதுதான் வீடியோவுக்கு வேளை வந்தது என்று முடிவு செய்தேன். கேட்கிறவர்கள் பலர், எங்கள் மேல் தவறு இல்லை, அதற்கும் மேலே இது எழுத்தில் சொன்னால் நம்ப முடியாத சங்கதி, கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். பாமாயில் விஷயம் நேர்மாறு. வெறும் கண்ணால் பார்த்து நம்பும்படி அதில் எதையும் காட்ட முடியாது.

முதலில் எங்கள் பாட்டிலையே தராசில் வைத்து எடுத்தோம். திரும்பப் பார்த்தபோது எனக்கே குறை தெரிந்தது: பாட்டிலில் லிட்டர் இருக்கிறதா என்பதுதானே சந்தேகம், அதையே சாட்சிக்குக் கூப்பிடலாமா? பிறகு முத்திரை குத்திய லிட்டர் அளவையை எடுத்தோம். வெறும் அளவையைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்பினார் அப்பா. 996. அதைத் துடைத்து உலர்த்தி, அதே அளவையில் எண்ணெய். 910.

தண்ணீருக்கு 1000 வரவில்லையே, மறுபடி எடுக்கலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். நம்ம ஊர் வெப்பத்தில் தண்ணீரே கொஞ்சம் விரிந்துதான் இருக்கும், 996 தான் உண்மையான எண். எண்ணெயும் அப்படித்தான், சூடு ஏற ஏற அதே லிட்டர் எடை குறையும். சிலர் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்குப் போட்டு, எடையில் குறைத்துவிட முடிந்தது. அதனால்தான் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சமையல் எண்ணெய் பாக்கெட்டில் வெப்பநிலையைப் போடாமல், கொள்ளளவோடு எடையையும் சேர்த்துப் போடச் சொன்னது. இதை வீடியோவின் கடைசி பத்து நொடியில் சேர்த்தோம். கேட்டவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது என்பதும் அதில் வந்துவிட்டது.

அவருடைய கமெண்டையே திரையில் ஒட்டி பதில் வீடியோ போடும் வசதி இருக்கிறது. அதை எடுக்கவில்லை. ஒட்டினால் அவர் பெயரும் படமும் சேர்ந்து ஊர் சுற்றும். எங்களை நம்புகிறவர்கள் அவரைப் போய்த் திட்டுவார்கள். "ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இல்லை என்று பலர் கேட்டீர்கள்" என்று மட்டும் தொடங்கினோம். 55 நொடி. பழைய வீடியோவின் விவரக் குறிப்பில் அதன் இணைப்பைச் சேர்த்தேன், முதலில் கேட்டவருக்குக் கொடுத்த பதிலின் கீழும் போட்டேன்.

அடுத்த புதன்

"உஷார்" என்று எழுதியவர் தன் வரியைத் திருத்தவில்லை, அழிக்கவும் இல்லை. ஆனால் கீழே "வீடியோ பார்த்தேன், சரிங்க" என்று ஒரு வரி. அது போதும். எடைக் கேள்வி இந்த நான்கு நாளில் இரண்டே இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நான் போவதற்குள் வேறு யாரோ இணைப்பைக் கொடுத்திருந்தார்கள்.

காறல் வாடை என்று எழுதிய அம்மாவுக்கு நேற்று புதுப் பாட்டில் போய்ச் சேர்ந்தது. அதை அவரே தன் கமெண்டின் கீழ் எழுதினார். நான் கேட்டு எழுத வைக்கவில்லை.

வீடியோ இன்னும் ஓடுகிறது, பின்னை மாற்றி புது ஆர்டர் எண்ணைப் போடலாமா என்று தம்பி கேட்டான். 64-ல் 51 பாட்டிலுக்குத் தகவல் வந்துவிட்டது. மீதி 13 வரும் வரை அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும்.