யாரால்?

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியை அடுத்த ஒரு தோட்டத்திலே நான் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கில வழியிற் படித்தவனாதலால், தமிழிலக்கணத்தை நான் பள்ளியிற் கற்றது சொற்பமே. பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் புகுந்து கற்றதுதான் மிகுதி. எங்கள் தோட்டத்திலும் பக்கத்துப் பட்டணத்திலுமிருந்து, எஸ்.பி.எம். தேர்விலே தமிழை ஒரு பாடமாக எழுதவிருக்கும் நாலாம் படிவ மாணவர் ஒரு பன்னிரண்டு பேர், சனிக்கிழமை மாலைகளில் என்னிடம் வருகின்றனர். அவர்களுக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் பாடத்தை நடத்திய ஒரு மாலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இப்பாடத்தை விதியினின்றும் தொடங்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவர். ஆதலின் பிழையினின்றும் தொடங்குவது என் வழக்கம். அன்று கரும்பலகையில் ஐந்து வாக்கியங்களை எழுதினேன். நான்கு பிழையுடையவை; ஒன்று பிழையற்றது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிழையென்று குறிப்பவரைப் பிடிப்பதற்காக அவ்வொன்றைக் கலந்து வைத்தேன். பிழையைக் கண்டு திருத்துவதோடு, ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றியும் காட்டவேண்டுமென்பது நிபந்தனை.

முதல் வாக்கியம்: ‘தொழிலாளர்கள் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டது.’ இதைப் பாதிப் பேர் சரியென்றனர். காரணம் வெளிப்படை. அவர்கள் நாள் முழுதும் பள்ளியில் வழங்குவது மலாய் மொழி. அம்மொழியிற் செயப்பாட்டுவினைக்கு ‘டி’ என்னும் முன்னொட்டு ஒன்றே போதும். ஒருவர் அழைக்கப்பட்டாலும் நூறு பேர் அழைக்கப்பட்டாலும் சொல் மாறுவதில்லை. தமிழிலோ செயப்பாட்டுவினையும் எழுவாயின் திணை, பால், எண் ஆகியவற்றுக்கு அடங்கியே நடக்கும். ஆகவே ‘தொழிலாளர்கள் அழைக்கப்பட்டனர்’ என்பதே சரி. ‘பட்டது’ என்பதை எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு வால் என்று எண்ணி ஒட்டிவிடுவதுதான் நான் காணும் பிழைகளுள் முதன்மையானது.

இரண்டாவது: ‘பட்டுப்போன மரத்தை நேற்று வெட்டப்பட்டது.’ செய்வினையிலே மரம் செயப்படுபொருள். அங்கே அது ‘ஐ’ உருபு பெறும். செயப்பாட்டுவினையில் அதே மரம் எழுவாயாகிவிடுகிறது. எழுவாய் ‘ஐ’ ஏற்பதில்லை. ‘மரம் வெட்டப்பட்டது’ என்க. ஒரு பையன் கேட்டான்: “ஐயா, ‘பட்டுப்போன’ என்பதிலும் ‘பட்டு’ இருக்கிறதே, அதுவும் செயப்பாட்டுவினையா?” நல்ல கேள்வி. ‘படு’ வந்த இடமெல்லாம் செயப்பாட்டுவினை ஆகாது. ‘வெட்ட’, ‘அழைக்க’ என்பன போன்ற எச்சத்தின் பின் அது துணைவினையாய் நிற்கவேண்டும். ‘கவலைப்பட்டான்’ என்பதில் ‘கவலை’ பெயர்ச்சொல். அவன் யாராலும் கவலைக்கப்படவில்லை என்று சொன்னதும் பிள்ளைகள் சிரித்தனர். சிரித்தது நினைவில் நிற்கும்.

மூன்றாவது: ‘பேருந்து தாமதமாக வரப்பட்டது.’ வருதல் செயப்படுபொருள் குன்றிய வினை. எதை வந்தது என்று கேட்க இயலாது. செயப்படுபொருளே இல்லாதபோது எதனை எழுவாயாக்குவது? ‘வந்தது’ என்பதன்றி இதற்கு வேறு திருத்தமில்லை.

நான்காவது: ‘மண்டோர் வேலியைக் கட்டுவிக்கப்பட்டார்.’ இது பிறவினையையும் செயப்பாட்டுவினையையும் ஒன்றோடொன்று குழப்பியதன் விளைவு. மண்டோர் தம் கையாற் கட்டாமல் ஆட்களைக் கொண்டு கட்டச் செய்தார் எனின், ‘கட்டுவித்தார்’ என்பது பிறவினை. அவர் அங்கே ஏவுகின்றவர். செயப்பாட்டுவினையிலோ எழுவாய் செயலைத் தாங்குகின்றது. வேலியைத்தான் கட்டினார்களேயன்றி மண்டோரைக் கட்டவில்லை.

இனி ஐந்தாவது. பிழையற்ற வாக்கியமொன்று வேண்டியிருந்ததால், கைக்கு எளிதில் வந்ததை எழுதினேன். தோட்டத்தில் மாதச் சம்பளச் சீட்டின் அடியிலே நான் தமிழில் எழுதி ஒட்டும் குறிப்பே அது: ‘முன்பணத்திற்காக 100 ரிங்கிட் பிடிக்கப்பட்டது.’

பிள்ளைகள் அதைச் சரியென்று குறித்தனர். ஒரு பெண் மட்டும் எழுதாமல் இருந்தாள். “ஏனம்மா, இதிற் பிழையுண்டா?” என்றேன்.

“பிழையில்லை, ஐயா. ஆனால் செய்வினையாக மாற்றச் சொன்னீர்களே, எழுவாயை எங்கிருந்து எடுப்பது? யாரால்?”

செயப்பாட்டுவினையிற் செய்தவன் ‘ஆல்’ உருபு பெற்று வரலாம். வராமலும் இருக்கலாம் என்று இலக்கணம் சொல்லி முடித்தேன். அவள் அமரவில்லை. “எங்கள் அம்மாவின் சீட்டில் இதே வாக்கியம் போன மாதமும் இருந்தது, இந்த மாதமும் இருக்கிறது. முன்பணம் ஒரு முறைதான் வாங்கினார்கள். யாரைக் கேட்பதென்று தெரியாமல் சீட்டை மடித்து வைத்துவிட்டார்கள்,” என்றாள்.

திங்கட்கிழமை காலை பேரேட்டைப் புரட்டினேன். முன்பணம் 100 ரிங்கிட் ஒரு முறைதான் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் மாதமே அதைப் பிடித்துவிட்டு, அடுத்த மாதக் கணக்கில் அப்பதிவை மறுபடியும் எடுத்து எழுதியவன் நான். துரையுமில்லை, தலைமை அலுவலகமுமில்லை. பிள்ளைகளிடம் நான் கேட்டிருந்த செய்வினை வாக்கியம் இதுதான்: ‘கிராணி 100 ரிங்கிட்டை இருமுறை பிடித்தான்.’ அன்றே துரையிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தேன். அவ்வம்மையாரிடம் நேரிற் சென்று பிழை என்னுடையதென்றும் சொன்னேன்.

இதற்காகச் செயப்பாட்டுவினையே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. செய்தவன் தெரியாதபோது அது வேண்டும்: ‘நேற்றிரவு மிதிவண்டி திருடப்பட்டது.’ செய்தவனைக் காட்டிலும் செய்யப்பட்ட பொருளே பேச்சாயிருக்கும்போதும் அது பொருந்தும்: ‘இப்பாலம் மரத்தாற் கட்டப்பட்டது.’ இங்கே ‘மரத்தால்’ என்பது செய்தவனைக் குறிக்கவில்லை, கருவிப்பொருளைக் குறிக்கிறது என்பதையும் மாணவர் கவனிக்கவேண்டும். ‘ஆல்’ இருக்கிறதே, செய்தவன் தெரிந்துவிட்டான் என்று இருந்துவிடலாகாது. ஆனால் செய்தவன் தெரிந்திருந்தும், அவனைச் சொல்லவேண்டிய இடத்திலே அவனை விட்டுவிடுவது இலக்கணப் பிழையன்று. ஆதலால் எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் குறையாது. அதனாலேயே அதைத் தனியே சொல்லிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

நம் கெடா வரலாற்றிலிருந்தே ஒரு பயிற்சி இப்போது கொடுத்து வருகிறேன். ‘1947இல் கெடாத் தோட்டங்களிலே கள்ளுக்கடைகள் மறிக்கப்பட்டன.’ எழுவாயும் பயனிலையும் இசைகின்றன. ‘ஐ’ உருபு நுழையவில்லை. வினையும் செயப்படுபொருளை ஏற்கும் வினையே. மூன்று சோதனையிலும் தேறிய இவ்வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றுக என்றால், மாணவர்கள் வீட்டிற்குப் போய்ப் பாட்டனாரையோ முதியவர்களையோ கேட்டுத்தான் ஆகவேண்டும். அடுத்த வாரம் ‘தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்தனர்’ என்று எழுதி வருகின்றனர். உருபும் விகுதியும் மாறியதோடு, மறைந்திருந்த மனிதரும் வாக்கியத்துக்குள் வந்து நிற்கின்றனர்.

என் சம்பளக் குறிப்பும் மாறிவிட்டது. ‘நீங்கள் இன்ன தேதியில் வாங்கிய முன்பணம் 100 ரிங்கிட்டை இம்மாதக் கணக்கிற் பிடித்துள்ளேன். ஐயமிருப்பின் என்னைக் கேட்க’ என்றெழுதி, கீழே என் பெயரையும் போடுகிறேன். முன்னையதைவிடச் சற்று நீளந்தான். சென்ற மாதம் மூவர் சீட்டும் கையுமாக என்னிடம் வந்து கேட்டனர். இருவர் கணக்குச் சரியாயிருந்தது. ஒருவர் கணக்கைத் திருத்தினேன்.