மாறுதல் வேண்டி ஒரு மடல்

எங்கள் மத்ரஸாவில் மாலை ஓதல் முடிந்த பின், மனு எழுதித் தரக் கேட்டு வருவோர் உண்டு. கலைப் பட்டம் பெற்றவன் என்பதால் எனக்கு வாய்த்த பணி இது. 2023ஆம் ஆண்டில் அவ்வாறு வந்தவர், சிறுமியாய் இருந்தபோது என்னிடம் ஓதிய பெண். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளியொன்றில் இடைநிலை ஆசிரியை. ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரில், அவருடைய வாப்பா பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். உம்மா மவுத்தாகிவிட்டார். உடன்பிறந்தார் எவருமில்லை. கணவரோ வளைகுடாவில்.

அவர் எழுதி வந்திருந்த மனு நான்கு பக்கம் நீண்டது. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவர் வகிக்கும் பதவி எது, இப்பள்ளியில் என்று சேர்ந்தார், எங்கே மாறுதல் வேண்டுகிறார் என்ற மூன்றும் அதில் இல்லை. அலுவலகத்தில் மனுவைப் பிரிப்பவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

ஆசிரியர் மாறுதல் பெரும்பாலும் பொதுக் கலந்தாய்வின் வழியே நடைபெறுகிறது. பார்வையற்றோர், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றோர், விதவைகள் போன்றோருக்கு அதில் முன்னுரிமை உண்டு. கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருப்பின் அதற்கும் ஒரு சலுகை உண்டு. இவருடைய கணவர் வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தில் இருப்பதால் அது பொருந்தவில்லை. பெற்றோரின் நோயும் அந்தப் பட்டியலில் இல்லை. எஞ்சியது பணி மூப்பு. அதிலும் இவருக்கு முன்னே பலர் இருந்தனர்.

அப்போது ஒருவர், "இருதய நோய் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் கொள்ளுங்கள், எல்லாம் எளிதாகும்" என்று அவரிடம் யோசனை கூறியிருக்கிறார்.

"ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்டார்.

"அம்மா, காலியிடம் ஒன்றுதான். பொய்ச் சான்று காட்டி நீங்கள் அதில் அமர்ந்தால், உண்மையிலேயே இருதய அறுவை செய்துகொண்ட ஒருவர் வெளியே நிற்பார். அது அவருடைய ஹக்கு அல்லவா?" என்றேன்.

அவர் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டார். எமிஸ் எனப்படும் கல்வித்துறை இணையதளத்தில் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. மீதமிருந்த வழி மனமொத்த மாறுதல். ஒரே பதவியில் உள்ள இருவர், இருவரும் இசைந்து, இடம் மாற்றிக்கொள்வது அது. சக ஆசிரியர்களிடம் விசாரித்ததில், கிருஷ்ணகிரியைச் சொந்த ஊராகக் கொண்டு இராமநாதபுரத்தில் பணிபுரியும் ஓர் இடைநிலை ஆசிரியை கிடைத்தார். அவருக்கும் ஊரில் முதிய தாயார்.

அதன் பின்னரே மனுவைப் புதிதாக எழுதினோம். அது ஒரு பக்கத்தில் அடங்கியது. மாவட்டம் விட்டு மாவட்டம் என்பதால் பெறுநர், தொடக்கக் கல்வி இயக்குநர். தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் ஆகியோர் வழியாக என்று குறித்தோம். அதன் நடுப்பகுதி இது:

"பொருள்: தொடக்கக் கல்வி – மனமொத்த மாறுதல் கோருதல் – தொடர்பாக. நான் மேற்கண்ட பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். என் தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, பிறர் துணையின்றி எழ இயலாத நிலையில் உள்ளார். நான் அவருக்கு ஒரே மகள். உடனிருந்து கவனிக்க வேறு எவருமில்லை. இத்துடன் இணைத்துள்ள விருப்பக் கடிதத்தின்படி, எங்கள் இருவருக்கும் மனமொத்த மாறுதல் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

கீழே இணைப்புகளை எண்ணிட்டு எழுதினோம்: மருத்துவச் சான்று, குடும்ப அட்டை நகல், இருவரின் பணி விவரம், இருவரும் ஒப்பமிட்ட விருப்பக் கடிதம். மனுவில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தாள் இருந்தது. "எழ இயலாத நிலை" என்று நாம் எழுதிவிட்டு, மருத்துவர் "சிகிச்சை பெற்று வருகிறார்" என்று மட்டும் எழுதியிருந்தால் மனு அங்கேயே பலவீனப்படும். ஆதலால் தந்தையின் நிலையை விளக்கமாகக் குறிக்கும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கினோம்.

மனுவை நேரே மேலிடத்துக்கு அனுப்பவில்லை. தலைமையாசிரியரின் பரிந்துரையோடு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, தம்மிடமிருந்த நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொண்டார். இரு மாதம் கழித்து விசாரித்தபோது, எதிர்த் தரப்பு ஆசிரியையின் மனு அவருடைய வட்டாரத்திலேயே தங்கியிருந்தது தெரிந்தது. ஒன்று வந்து மற்றொன்று வராவிடில் கோப்பு நகராது. முத்திரையிட்ட நகலைக் காட்டி அந்தச் சகோதரி கேட்ட பின்னரே அது மேலே சென்றது.

அல்ஹம்துலில்லாஹ், அடுத்த ஆண்டு ஆணை வந்தது. வீட்டிலிருந்து பேருந்தில் 40 நிமிடத் தொலைவில் புதிய பள்ளி. வாப்பாவுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. பள்ளி விட்டு வரும் மகளிடம், மாலையில் தலையணையைச் சற்று உயர்த்தச் சொல்லிக் கையால் சைகை காட்டுவாராம்.