வேலையை ஏற்கும் கடிதம்

அலுவல் கடிதம் என்றாலே நாம் வகுப்பறையில் விண்ணப்பக் கடிதத்தையும் புகார்க் கடிதத்தையும்தான் எழுதப் பழக்குகிறோம். வேலை கிடைத்த பின் எழுதும் ஏற்புக் கடிதம் பாடத்தில் தலைகாட்டுவதே இல்லை. சென்ற மாதம் என் முன்னாள் மாணவி ஒருத்தி, கிள்ளானில் ஒரு தனியார் நிறுவனம் கொடுத்த நியமனக் கடிதத்துடன் வந்தாள்.

“ஐயா, நன்றி கூறி ஒப்புக்கொள்வதாக இரண்டு வரி எழுதினால் போதாதா?”

நேர்காணலில் அவளிடம் சொன்ன சம்பளம் 2,800 வெள்ளி. கடிதத்திலோ அடிப்படைச் சம்பளம் 2,500, பயணப்படி 300 என்றிருந்தது. கூட்டினால் அதே தொகைதான். ஆனால் பயணப்படிக்கு ஊழியர் சேமநிதி பிடிக்கப்படுவதில்லை; எனவே முதலாளி செலுத்த வேண்டிய 13 விழுக்காடும் அந்த 300 வெள்ளிக்குக் கிடையாது. மாதம் ஏறத்தாழ 39 வெள்ளி குறையும்.

பணியில் சேரும் நாளும் இடித்தது. ஜூலை 6இல் வந்த கடிதம் ஆகஸ்ட் 3இல் வரச் சொன்னது. அவள் இப்போதைய இடத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறாள். ஒப்பந்தத்தில் வேறு கால அளவு எழுதப்படாததால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆறு வார முன்னறிவிப்பு தர வேண்டும். ஜூலை 8இல் விலகல் கடிதம் கொடுத்தாலும் ஆகஸ்ட் 18 வரை அங்குதான் இருக்க வேண்டும். இல்லையேல் மீதி நாள்களுக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும்.

“ஏற்கிறேன், ஆனால் ஆகஸ்ட் 24இல்தான் வருவேன் என்று எழுதிவிடட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ‘ஆனால்’ நுழைந்துவிட்டால் அது ஏற்பாகாது, எதிர்க்கோரிக்கையாகிவிடும். முதலில் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் வந்த பிறகே ஏற்க வேண்டும். அதுவரை பழைய வேலையை விடுவதும் கூடாது.

அன்றே மின்னஞ்சலில் கேட்டாள். மறுநாள் பதில் வந்தது. நாளை மாற்றிக் கொடுத்தார்கள், பயணப்படியை மாற்றவில்லை. அவள் யோசித்து ஒப்புக்கொண்டாள். தெரிந்தே ஒப்புக்கொண்டாள் என்பதில் எனக்கு நிறைவு. பிறகு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

“தங்கள் ஜூலை 6 நாளிட்ட நியமனக் கடிதத்தையும் ஜூலை 7 நாளிட்ட மின்னஞ்சலையும் ஒட்டி, கணக்குப் பிரிவு எழுத்தர் பணியை ஏற்கிறேன். மாத அடிப்படைச் சம்பளம் 2,500 வெள்ளி, பயணப்படி 300 வெள்ளி என்பதையும், ஆகஸ்ட் 24 காலை 8.30க்குப் பணியில் சேர்வேன் என்பதையும் உறுதிப்படுத்துகிறேன். அன்று அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமா சான்றிதழ் ஆகியவற்றின் அசலைச் சரிபார்ப்புக்குக் காட்டி, நகல்களை ஒப்படைப்பேன். சேமநிதி எண், வருமானவரி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் தருவேன்.”

‘அசலைக் காட்டி, நகலை ஒப்படைப்பேன்’ என்பதை நான்தான் சேர்க்கச் சொன்னேன். சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது இழுத்தடிக்கும் முதலாளிகளை நான் கண்டிருக்கிறேன். கடிதத்தை மலாயில் பெயர்த்து எழுதி, கையொப்பமிட்ட படி ஒன்றைத் தன் கோப்பில் வைத்த பிறகே, ஜூலை 8 மாலையில் விலகல் கடிதத்தைக் கொடுத்தாள்.