நூற்று அறுபத்தாறு நாள்கள்: ஒரு முறையீட்டைத் திருத்தி எழுதிய கதை

உதவித்தொகை நின்றுபோன ஆய்வாளர்கள் சிலர், முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று அண்மையில் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, என் கடிதத்திற்கு நேர்ந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

2025 பிப்ரவரி இறுதியில் நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். ஜே.ஆர்.எஃப்.-இலிருந்து எஸ்.ஆர்.எஃப்.-க்கு உயர்த்த வேண்டிய என் கோப்பு கிடப்பில் கிடந்தது. மாதத் தொகையும் வரவில்லை. அலுவலகத்தில் நின்ற நேரம், கேட்ட சொற்கள், அப்பாவிடம் பணம் கேட்ட வெட்கம் எல்லாம் அதில் இருந்தன. சட்டத்துறையில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "உன்மேல் இரக்கம் வருகிறது. ஆனால் நான் அந்தக் குழுவில் இருந்தால் நாளைக் காலை யாரைக் கூப்பிட்டு என்ன செய்யச் சொல்வது என்று இதிலிருந்து எனக்குத் தெரியவில்லையே" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கோடுகள் இழுத்துத் தந்தார். தேதி, நடந்தது, சான்று. "சான்று இல்லாவிட்டாலும் எழுது. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடு."

அன்றிரவு மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, துறை அலுவலகத்தின் அனுப்புகைப் பதிவேட்டை நான் எடுத்திருந்த படம் ஆகியவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு அதை நிரப்பினேன். 2024 ஜூலை 31 அன்று ஜே.ஆர்.எஃப்.-இல் இரண்டு ஆண்டுகள் முடிந்தன. செப்டம்பர் 12 அன்று மதிப்பீட்டுக் குழு கூடி உயர்வுக்குப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18 அன்று படிவத்தைத் துறையில் கொடுத்தேன். அக்டோபர் 4 அன்று உதவித்தொகைப் பிரிவு பெற்றுக்கொண்டதற்கு வரவு எண் இருந்தது. நவம்பர் 11 அன்று, வெளி வல்லுநரின் கையொப்பம் ஒரு தாளில் விடுபட்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நவம்பர் 26 அன்று கையொப்பம் பெற்று மீண்டும் கொடுத்தேன். அதன்பின் 2025 மார்ச் 3 வரை, அதாவது கடிதத்தில் இடவிருந்த தேதி வரை, ஒன்றுமில்லை.

மொத்தம் 166 நாள்கள். இத்தனை நாளும் பிரிவு எழுத்தர் என் கோப்பை வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தார் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். தாளைப் பார்த்தால் முதல் 16 நாள்கள் கோப்பு என் துறையிலேயே இருந்திருக்கிறது. 15 நாள்கள் என் கையில், கையொப்பத்திற்காக. பிரிவின் கணக்கில் வருபவை, குறையைச் சொல்ல எடுத்துக்கொண்ட 38 நாள்களும் மறுமுறை கொடுத்த பிறகான 97 நாள்களும்தான். அந்த எழுத்தரோ டிசம்பர் தொடக்கத்திலேயே வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். அது எனக்குத் தெரியவந்தது பிப்ரவரியில். ஒரு செய்தி நமக்குத் தெரிந்த நாளை, அது நடந்த நாளாகவே மனம் பதிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு தேதிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன்: நடந்த நாள், நான் அறிந்த நாள். 'வேண்டுமென்றே' என்ற சொல் பழைய கடிதத்தில் நான்கு இடங்களில் இருந்தது. ஓரிடத்திலாவது அதன் பக்கத்தில் வைக்கத் தேதி கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அந்த மனிதரின் பெயரையும் எடுத்துவிட்டேன். அனுப்பியிருந்தால் என் முறையீட்டில் மிக எளிதாக மறுக்கக்கூடிய வரி அதுவாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு இழைத்த அநியாயமாகவும் இருந்திருக்கும்.

சிக்கல் எது என்று பிரிக்கும்போது இன்னொரு பிழை வெளிப்பட்டது. உயர்வு நிலுவையில் இருப்பதால்தான் பணம் நின்றது என்று நம்பியிருந்தேன். அலுவலகத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். வங்கிக் கணக்கோ ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்குப் பழைய விகிதமான 37,000 ரூபாய் வந்திருப்பதைக் காட்டியது. அப்போதும் உயர்வு நிலுவையில்தான் இருந்தது. ஆகவே நவம்பர், டிசம்பர், ஜனவரித் தொகை நின்றதற்குக் காரணம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை, பல்கலைக்கழகம் இணையதளத்தில் மாதந்தோறும் உறுதிப்படுத்தினால்தான் வரும். 'மேக்கர்' எனப்படும் ஒருவர் பதிவிட, 'செக்கர்' எனப்படும் மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும். எழுத்தர் மாறியதை ஒட்டிய மாதங்களில் அந்த உறுதிப்படுத்தல் நடக்கவில்லை. ஒரே வலி என்று நான் எண்ணியது இரண்டு நோய்கள். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தால், "உயர்வு பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியால் இரண்டுக்கும் பதில் முடிந்திருக்கும்.

கோரிக்கைப் பகுதிதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. "தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன்" என்பது எல்லாரும் எழுதும் வரி. கடிதத்தை இன்னொரு மேசைக்கு அனுப்புவதும் தக்க நடவடிக்கைதான். ஆகவே ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு கோரிக்கை, அதைச் செய்யக்கூடிய பதவி, செய்தார்களா இல்லையா என்று பார்த்ததும் தெரியும் அளவு என்று எழுதினேன். கோரிக்கை 1: நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மூன்று மாத உறுதிப்படுத்தலை உதவித்தொகைப் பிரிவு உடனே பதிவிட வேண்டும். கோரிக்கை 2: எஸ்.ஆர்.எஃப். உயர்வை 2024 ஆகஸ்ட் 1 முதல் செயலுக்கு வருமாறு பதிவிட்டு ஒப்புதல் தர வேண்டும். தொகையையும் கணக்கிட்டுக் காட்டினேன். எஸ்.ஆர்.எஃப். விகிதம் 42,000. ஏற்கெனவே வந்த மூன்று மாதங்களுக்கு வித்தியாசம் 15,000. வராத மூன்று மாதங்களுக்கு 1,26,000. ஆக 1,41,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி.

அப்பாவிடம் பணம் கேட்டதை நீக்குவது கடினமாக இருந்தது. அக்காதான் சொன்னார்: "நீக்க வேண்டாம், தேதியாக மாற்று." ஜனவரி 20 அன்று மெஸ் நிலுவைக்காக விடுதி அனுப்பிய அறிவிப்பு, தண்டத்தொகையோடு, இணைப்பு 6 ஆனது. நவம்பர் 11 தொலைபேசி அழைப்புக்கு எதிரே கட்டம் காலியாகவே நின்றது. "தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். அன்றே "தாங்கள் தொலைபேசியில் கூறியபடி" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அதுவே சான்றாகியிருக்கும். இப்போது எந்த அழைப்புக்குப் பிறகும் அதைச் செய்கிறேன்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. மார்ச் 3 அன்று மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் கொடுத்தேன். மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி அக்குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். முடிவில் நிறைவில்லாவிட்டால், அது கையில் கிடைத்த 15 நாள்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மார்ச் 25 அன்று வந்த முடிவு, மாதத் தொகையை உறுதிப்படுத்தச் சொன்னது. உயர்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேல்முறையீட்டை எழுத ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. அதே காலவரிசையில் மார்ச் 3, மார்ச் 25 என இரண்டு வரிகளைச் சேர்த்து, "கோரிக்கை 2-க்கு விடை இல்லை" என்று எழுதினேன். ஏப்ரல் 2 அன்று கொடுத்தேன். மூன்று மாதத் தொகை அதற்குள் பழைய விகிதத்தில் வந்துவிட்டது. வித்தியாசத் தொகை மே மாத இறுதியில் வந்தது. கோரிக்கையில் எழுதியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பினேன்.